ஏழாம் நம்பர் திருகு

கஜபதியின் ஸ்டுடியோவும் என் அட்டைப்பெட்டி அச்சகமும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கின்றன. திருத்தணியில் அரக்கோணம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு. அந்தப் பக்கம் அவன் இருமினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இந்தப் பக்கம் நான் ஆட்களைத் திட்டினால் அந்தப் பக்கம் அவன் பாட்டு வைத்துவிடுவான். பதினைந்து வருடப் பழக்கத்தில் எங்களுக்குள் இருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

அவன் ஊர் கே.ஜி.கண்டிகை. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கஜபதி மலைக்கு வருகிறவர்களைப் படமெடுத்துப் பிழைத்தான். மொட்டையடித்த குழந்தை, காது குத்திய குழந்தை, மலையிலேயே தாலி கட்டிக்கொண்ட ஜோடி. மற்றவர்கள் எல்லாம் "சிரிங்க, சிரிங்க" என்று உயிரை எடுப்பார்கள். இவன் சொல்ல மாட்டான். "கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாங்க பாருக்கா, அதுதான் நெசமான படம்" என்பான். நல்ல கண். ஆனால் இன்று மலையேறுகிற ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம்?

மணவூர் பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை இருப்பதாக அவன் மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். தை பிறக்கும் வரை பார்ப்போம், அதற்குள் ஒன்றும் அமையாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கடைக்குப் பூட்டு போட்டால்தான் என்ன என்று வெளியே சிரிப்பான். உள்ளுக்குள் அவன் செத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் தேவிப்பிரியா வந்தாள். ஆர்.கே.பேட்டை தறிக்குடும்பத்துப் பெண். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் வேலை பார்த்து, சலித்துப்போய்த் திரும்பியவள். வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு சின்னக் கருவி செய்திருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றிய சின்னக் கட்டை ஒன்று உட்காரும். அதற்குத் தார் என்று பெயர். அந்தத் தாரை அவள் அம்மாவைப் போன்ற வீட்டுப் பெண்கள் ராட்டையில் உட்கார்ந்து கை மரத்துப்போகச் சுற்றுவார்கள். இவள் கருவியில் கட்டையைச் செருகி, நூலைக் கம்பி வளையத்தில் நுழைத்து, ஸ்விட்சைப் போட்டால் போதும், அதுவே சுற்றிக்கொள்ளும். நூல் அறுந்தால் தானாக நிற்கும். மிக்சி அளவுகூட இருக்காது.

அனுப்பும்போது பாகம் பாகமாகத்தான் பெட்டிக்குள் போகும். வாங்குகிறவர்கள் வீட்டில் ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். அதனால் பெட்டியின் மேலே ஒரு படம் வேண்டும் என்றாள். நீலப் பின்னணி, வெள்ளைக் கோடு, கருவியின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகப் பிரிந்து ஒரே அச்சில் வரிசையாக மிதக்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நம்பர். கம்பெனிக்காரர்கள் பொறியியல் வரைபடம் போடுவார்களே, அந்த மாதிரி.

"போட்டோ குடுத்தா அப்பிடி மாத்தித் தருவீங்களாண்ணா? இதுக்கப்புறம் இன்னும் மூணு மிஷின் வருது. எல்லாத்துக்கும் வேணும்" என்றாள்.

"தருவேன்" என்றான் கஜபதி. அதுவரை அப்படி ஒன்றை அவன் செய்ததே இல்லை. மூன்று மிஷின் என்ற வார்த்தை அவன் காதில் மணவூர் வேண்டாம் என்று விழுந்தது. எனக்குமே அப்படித்தான் விழுந்தது. படம் அவன் போடுவான், பெட்டி நான் அடிப்பேன். இரண்டு பேருக்கும் சோறு.

அவள் போனில் எடுத்த போட்டோக்களை அனுப்பினாள். முன்னால், பின்னால், பக்கவாட்டில், மேலிருந்து. மூடியைக் கழற்றி உள்ளே எடுத்தது ஒன்றிரண்டு. கஜபதி அவற்றை ஏஐ ஒன்றில் போட்டு, என்ன வேண்டும் என்று எழுதினான். முதலில் வந்தது எல்லாம் கூத்து. பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் செயின். மோட்டார் பக்கத்தில் இன்னொரு மோட்டார். எழுத்து என்று நினைத்துக்கொண்டு அது கிறுக்கி வைத்தது தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான்.

ஆனால் விடவில்லை. கலர் போட்டோவில் நிழலும் பளபளப்பும் அதைக் குழப்புகின்றன என்று கண்டுபிடித்து, எல்லாப் போட்டோவையும் கறுப்பு வெள்ளையாக மாற்றி, ஓரங்கள் பளிச்சென்று தெரியும்படி செய்து திரும்பக் கொடுத்தான். பாகங்கள் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் பிரியட்டும், நடுவில் புள்ளிக்கோடு ஓடட்டும், எழுத்தே வேண்டாம் என்று எழுதினான். செயின் பெல்ட்டாயிற்று. வெளிக்கோடு தடிமனாகவும் உள்கோடு மெல்லியதாகவும் வந்தது. நம்பரையும் பேரையும் அவனே கம்ப்யூட்டரில் தட்டிச் சேர்த்தான். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் போட்டோவோடு ஒத்துப் பார்த்தான். சோம்பேறித்தனம் செய்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

மூடி. மோட்டார். பெல்ட். கட்டையைச் செருகுகிற கதிர். நூல் வளையம். ஸ்விட்ச். மூடியின் உச்சியில் ஒரு வட்டத் திருகு, அதன் கீழே சின்னத் தண்டு, ஒரு வாஷர், ஒரு ஸ்பிரிங். போட்டோவில் மூடியின் மேல் அந்த வட்டம் இருந்தது. நடுவில் கறுப்பாகத் தண்டுக்கான துளையும் இருந்தது. நூல் சுற்றுகிற கருவி என்றால் நூலை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு இருக்கும்தானே. 'ஏழு: நூல் இறுக்கத் திருகு' என்று கஜபதியே பேர் வைத்தான். யாரையும் கேட்கவில்லை.

படத்தை தேவிப்பிரியாவுக்கு அனுப்பினான். அவள் போனில் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். "அண்ணா, என் மிஷினா இது? ஃபாரின் சாமான் மாதிரி கீதுண்ணா." அவள் பார்த்தது நீலத்தையும் வெள்ளையையும்தான். நம்பர் நம்பராக யார் பார்த்தார்கள்? நானும் பார்க்கவில்லை. மை சரியாக ஒட்டுகிறதா என்று பார்த்து அடித்துக் கொடுத்தேன். பெட்டிகள் ஆர்.கே.பேட்டைக்குப் போயின, நிரம்பின, வீடுகளுக்குப் போயின.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் தேவிப்பிரியா ஸ்டுடியோவுக்குள் வேகமாக நுழைவது தெரிந்தது. கையில் கருவி. எனக்குப் பொறுக்குமா, நானும் பின்னாலேயே போனேன்.

கருவியையும் பெட்டியையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இதுல ஏழாம் நம்பர் எங்கீதுண்ணா? காட்டுங்க."

கஜபதி கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மூடியின் உச்சி மொழுமொழுவென்று இருந்தது. திருகும் இல்லை, துளையும் இல்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் அவள் அனுப்பிய முதல் போட்டோக்களைத் திறந்தான். கறுப்பு வெள்ளை அல்ல, கலர். மூடியின் உச்சியில் வட்டமாகச் சந்தனம். சந்தனத்தின் நடுவே குங்குமம்.

முதல் கருவி முடிந்ததும் பூஜை போட்டுப் பொட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் யார் ஸ்விட்சைப் போடுவார்கள்? அந்தக் கோலத்திலேயே போட்டோவும் எடுத்துவிட்டாள். கலரை எடுத்ததும் சந்தனம் திருகாகிவிட்டது, குங்குமம் துளையாகிவிட்டது. வெளியே திருகு இருந்தால் உள்ளே தண்டு இருக்க வேண்டும் என்று ஏஐ தண்டைப் போட்டது, வாஷரைப் போட்டது, ஸ்பிரிங்கையும் போட்டது. வாழ்நாள் முழுக்கப் பொட்டு வைத்த முகங்களைப் படமெடுத்த மனுஷன், அதற்குப் பேரும் வைத்துவிட்டான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஃபோன் மேல ஃபோன் வருதுக்கா" என்றாள் தேவிப்பிரியா என்னிடம். "ஏழாம் நம்பர் பெட்டியில இல்ல, ஏமாத்திட்டீங்களான்றாங்க. கோணாண்டூரு பக்கத்துலருந்து ஒரு அம்மா. தாயாரம்மாளாம். அது திட்டக்கூட இல்ல. தொலைச்சுட்டேம்மா, தனியா ஒண்ணு கெடைக்குமாம்மான்னு கெஞ்சுது."

கஜபதி தலையைத் தூக்கவே இல்லை. "புதுசா படம் போட்டுத் தரேம்மா. மிஷினப் பிரிச்சு, ஒவ்வொண்ணா வெச்சு, நானே கையால வரையறேன். வாங்கின எல்லாருக்கும் போயிச் சொல்லிடலாம். திருகு கெடையாது, படம்தான் தப்புன்னு."

"சொன்னா?" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "படமே தப்புன்னா மிஷின் மட்டும் சரியான்னு கேப்பாங்கண்ணா. இப்பத்தான் நாலு பேரு நம்பி வாங்கியிருக்காங்க. நான் வேற யோசிச்சு வெச்சிருக்கேன். வட்டமா ஒரு பிளாஸ்டிக் திருகு கெடைக்குது. மூடி மேல ஒட்டிடலாம். வாங்கினவங்களுக்கும் ஒண்ணொண்ணு அனுப்பிடலாம். படத்துல கீற மாதிரியே மிஷினும் ஆயிடும். முடிஞ்சுது."

படத்துக்கு ஏற்ற மாதிரி மிஷினையே மாற்றுகிறேன் என்கிறாள். படித்த பெண். சொல்லப்போனால் யோசனையில் ஓட்டையே இல்லை. பெட்டியைத் திரும்ப அடிக்க வேண்டாம், கஜபதி பேர் கெட வேண்டாம், அவள் பேரும் கெட வேண்டாம். நான்கூடச் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதச் சுத்தினா இன்னா ஆவும்?" என்று கேட்டான் கஜபதி.

"ஒண்ணும் ஆவாது. சும்மா சுத்தும்."

"அப்ப வேணாம்மா."

தேவிப்பிரியா அவனையே பார்த்தாள். "நீங்க செஞ்ச தப்ப மறைக்கத்தான்ணா நான் சொல்றேன். ஊரெல்லாம் போயிச் சொல்றதுன்னா சொல்லிக்குங்க. அடுத்த மிஷினுக்குப் படம் நான் வேற ஆளுகிட்டப் பாத்துக்கறேன்." கருவியை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கஜபதி லென்ஸைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் திட்டினேன். "உனக்கின்னா பைத்தியமா? மூணு மிஷினுடா. மணவூருல போயி லாரி நம்பரு எழுதப்போறியா?" அவன் பாட்டு வைக்கவில்லை. "போட்டோன்னா ஜனங்க சந்தேகப்படுவாங்கக்கா. கலரு ஏத்தியிருக்கான், லைட்டு போட்டிருக்கான்னு. கோடு போட்ட படத்த யாரும் சந்தேகப்படறதில்ல. அளந்துதான் போட்டிருப்பான்னு நம்பிடறாங்க" என்றான். நான் என் வேலையைப் பார்க்க வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து அவன் செய்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன், அவ்வப்போது போயும் பார்த்தேன். கருவியைக் கழற்றினான். கழன்ற வரிசையிலேயே ஒவ்வொன்றையும் வெள்ளை வேட்டியின் மேல் வைத்தான். கேமராவை அறையின் மறுகோடிக்குத் தள்ளி, தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்தான். கிட்டே போய் எடுத்தால் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சின்னதாகவும் தெரியும், கோடுகள் சரிந்துவிடும் என்றான். எல்லாவற்றையும் ஒரே சாய்வில் திருப்பி வைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோக்கள் மேல் கோடு கோடாக இழுத்தான். எந்தத் துளைக்குள் எது போகிறதோ அந்த வழியில் புள்ளிக்கோடு போட்டான். கடைசியில் போட்டோவை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்தான். முதல் படம் அளவுக்கு இது அழகாக இல்லை. கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. தெரிந்தே சொல்கிறேன், எனக்குப் பழையதுதான் பிடித்தது.

தாளில் அடித்து எடுத்துக்கொண்டு, முதலில் அந்தத் தாயாரம்மாளைப் பார்க்க வேண்டும் என்றான். அவன் வண்டி ரிப்பேர். என் ஸ்கூட்டியில்தான் போனோம். கோபம் போகவில்லை எனக்கு.

அந்த வீட்டின் முன்னறையில் கால் வைத்ததும் புரிந்துவிட்டது. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பீரோ நகர்ந்திருந்தது. வாசலில் குப்பையைக் கொட்டிச் சல்லடையில் சலித்த தடம். தாயாரம்மாள் நாற்பது வயது சொல்லலாம், ஒல்லியான உடம்பு. நாங்கள் யார் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஏழாம் நம்பரு எடுத்தாந்தீங்களா?"

கஜபதி தாளை நீட்டினான். "அப்பிடி ஒண்ணு கெடையாதும்மா. அது நான் போட்ட தப்புப் படம். மிஷின் மேல பொட்டு வெச்சிருந்தாங்க. அது திருகுன்னு நெனச்சுப் போட்டுட்டேன்."

அவள் அவனையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கெடையாதா?"

"கெடையாது. பெட்டியில வரவே இல்ல."

தாயாரம்மாள் அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பெட்டியைப் பிரித்தது அவள்தான். நூல் கொஞ்சம் தளர்வாகச் சுற்றியபோது, அதான் இறுக்கத் திருகைத் தொலைத்துவிட்டாயே என்று, அவள் பாவா என்று கூப்பிடுகிற புருஷன் சேட்டு ஆரம்பித்தாராம். புது சாமானைப் பிரிக்கத் தெரியாதவள், கண்ணை எங்கே வைத்துக்கொண்டு பிரித்தாய் என்று எழுந்தால் ஒரு பேச்சு, உட்கார்ந்தால் ஒரு பேச்சு. இவளும் தேடினாள். தேடத் தேட, கையில் எடுத்த மாதிரியே ஞாபகம் வந்துவிட்டது. "வட்டமா, சில்லுனு இருந்துச்சு, இந்தக் கையாலதான் எடுத்தேன்னு நானே எங்க பாவாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்கிட்டச் சொன்னா பத்தாது. அவரு சாப்பாட்டுக்கு வருவாரு. இருந்து அவருகிட்டயும் சொல்லிட்டுப் போங்க."

இருந்தோம். சேட்டு வந்தார். கஜபதி ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து புதுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அது பொய்யின்னா, இது மட்டும் நெசம்னு எப்பிடி நம்பறது?"

சத்தியம் செய்வான் என்று நினைத்தேன். கஜபதி, ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டான். கருவியைத் தரையில் வைத்துக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் தாயாரம்மாளிடம் கொடுத்தான். அவள் அதைத் தாளில் இருக்கும் கோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சேட்டு நம்பரைப் படித்தார். மூடி. மோட்டார். பெல்ட். கதிர். ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை.

"நான் தொலைக்கல" என்றாள் தாயாரம்மாள், புருஷனைப் பார்த்து.

"ஆங்" என்றார் அவர். அவ்வளவுதான் வந்தது அவர் வாயிலிருந்து. ஆனால் எழுந்துபோய், சாய்த்திருந்த கட்டிலை இறக்கிப் போட்டார்.

கஜபதி கருவியைத் திரும்பப் பூட்டிக் கொடுக்க, தாயாரம்மாள் நூலைக் கம்பியில் இன்னொரு சுற்று விட்டு ஓட்டிப் பார்த்தாள். அப்போதுதான் தேவிப்பிரியாவின் போன் வந்தது. கஜபதியின் கையில் எண்ணெய்ப் பிசுக்கு, ஸ்பீக்கரில் போட்டான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். "தாயாரம்மா வூட்லம்மா. சொல்லிட்டேன்" என்றான். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்ப சரிண்ணா. நானும் சொன்னது சொன்னதுதான்" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? அவள் ஒட்டச் சொன்ன பிளாஸ்டிக் திருகைப் பற்றி, அதை ஒட்ட மாட்டேன் என்றதால் இவனுக்குப் போன வேலையைப் பற்றி, அவள் போனை வைப்பதற்குள் எல்லாவற்றையும் அந்த வீட்டில் போட்டு உடைத்தேன். தாயாரம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தரையிலிருந்த போனைக் கையில் எடுத்தாள்.

"எம்மா, நான்தான் தாயாரம்மா பேசறேன். மிஷின் நல்லாக்கீது. நூலக் கம்பியில இன்னொரு சுத்து சுத்தி வுட்டா இறுக்கமாதான் வருது, இப்பத்தான் பாத்தேன். இவரு மேல கோச்சிக்காத. சும்மா சுத்தற திருக நீ ஒட்டிக் குடுத்திருந்தேன்னா, நான் அத சாவற வரைக்கும் சுத்திகினேதான் இருந்திருப்பேன். தாரு சரியா வரலன்னா திருகக் குத்தம் சொல்ல மாட்டேன். என் கைதான் சரியில்லன்னு நெனச்சிகினு இருந்திருப்பேன்."

வைத்துவிட்டாளோ என்று கஜபதி எட்டிப் பார்த்தான்.

"எங்கம்மாவும் அப்பிடித்தான்க்கா நெனச்சிருப்பாங்க" என்றாள் தேவிப்பிரியா. பிறகு, "அண்ணன நாளைக்கு எங்க வூட்டுக்குக் கேமராவோட வரச் சொல்லுங்க. ரெண்டாவது மிஷின இன்னும் பிரிக்கல" என்றாள்.